பிரஷர் பார்க்கும் நாளுக்குப் போஸ்டரும் அறிவித்தலும் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பு மாவட்டம் காலிமுகத்திடலோடு முடிந்துவிடுவதில்லை. கிழக்கே அவிசாவளை வரை போனால் இறப்பர்த் தோட்டங்களும் லயங்களும் அங்கே தமிழ் பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் இருந்து நாங்கள் சிலர் சேர்ந்து அந்தப் பக்கத்துத் தோட்டக் கிராமங்களில் பிரஷர் பார்க்கும் நாட்களை நடத்த உதவி செய்கிறோம். அளப்பது தாதியரின் வேலை, போஸ்டரும் அறிவித்தலும் எழுதுவது என் வேலை.

முதல் தடவை நான் எழுதியது இப்படித்தான் இருந்தது: "மாபெரும் இலவச மருத்துவ முகாம். இரத்த அழுத்தப் பரிசோதனை. அனைவரும் வருகை தந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்." எங்கும் பார்க்கிற வாசகம்தானே என்று நினைத்தேன்.

அன்று காலை எட்டரை மணிக்கு, மேல் லயத்தில் இருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கண்ணைக் கட்டுது என்றார். என்ன சாப்பிட்டீங்க என்று தாதி கேட்டார். "ரத்தம் எடுக்கத்தானே வரச் சொன்னீங்க? பச்சத் தண்ணி கூட பல்லுல படல. மாத்திரையும் போடல." அளவு 176/98 வந்தது. நாங்கள் பதறிப்போய் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம். தேத்தண்ணி குடித்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி அளக்க முடியும். காத்திருந்து அளந்தபோது 158/90. தாதி கொப்பியில் எழுதிவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த ரெண்டுல எதையும் வச்சு ஒன்னும் சொல்ல ஏலாது. மாத்திரை போட்டிருந்தா என்ன அளவு வந்திருக்கும்னு நமக்குத் தெரியாதே."

அந்த அம்மா பிழையாக எதுவும் செய்யவில்லை. போஸ்டரில் "இரத்த", "பரிசோதனை" என்று இரண்டு சொற்கள் இருந்தன, அவர் இரத்தப் பரிசோதனைக்கு வருகிற மாதிரி வந்தார். அளவு சரியாக வருமா என்பது வீட்டிலேயே, எங்கள் எழுத்தை வாசித்தபோதே தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் வைக்கிறேன். இதை வாசித்தவர் என்ன நிலையில் வந்து உட்காருவார்? இதைப் பார்த்து யார் வராமல் இருந்துவிடுவார்?

எழுத உட்காருவதற்கு முன்

முதலில் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு அல்லது கிளினிக்குக்கு, எந்தக் கிழமைகளில் ஆட்களை அனுப்பப் போகிறோம்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு விஷயம் தெரியுமா? அன்றைக்குத் தோட்டத்தில் வேலை உண்டா? எத்தனை மேசை போடப் போகிறோம்?

பலரும் கேட்காமல் விடுவது கடைசிக் கேள்வியைத்தான். கணக்கு இப்படி வரும். ஒருவர் வந்ததும் ஐந்து நிமிடம் பேசாமல் கதிரையில் சாய்ந்து இருக்க வேண்டும். அதற்கென்று தனியாகப் பத்துக் கதிரைகள் போட்டுவிட்டால் மேசையில் நேரம் போகாது. மேசைக்கு வந்ததும் ஒரு தடவை அளந்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு தடவை அளந்து, அட்டையில் எழுதிக் கொடுக்க மொத்தம் ஐந்து நிமிடம் பிடிக்கும். ஒரு மேசைக்கு மணிக்குப் 12 பேர். மூன்று மேசை என்றால் 36 பேர். எட்டில் இருந்து பன்னிரண்டு வரை 144 பேர்.

நாங்கள் போன கிராமத்தில் 35 வயதைத் தாண்டியவர்கள் கிட்டத்தட்ட 150 பேர். ஆகவே மூன்று மேசை ஏறக்குறையப் போதும், ஆனால் எல்லாரும் எட்டு மணிக்கே வந்து நின்றால் போதாது. நெரிசல் வந்தால் அந்த ஐந்து நிமிட ஓய்வுதான் முதலில் காணாமல் போகும். மேட்டில் இருந்து நடந்து வந்தவரை உடனே உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே தடவை அளந்து அனுப்பினால், பிரஷர் இல்லாத எத்தனையோ பேருக்கு இருப்பதாக எழுதி அனுப்புவோம். அதனால் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதும் எழுதுகிறவரின் வேலையே. போஸ்டரில் மொத்த நேரம் மட்டும் இருக்கட்டும். லயம் லயமாகக் கொடுக்கிற துண்டுச் சீட்டில் "மேல் லயம்: 8 முதல் 9.15 வரை" என்று தனித்தனியாகப் போடுங்கள்.

வேலை நாளைப் பற்றி ஒரு சொல். பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் மலைக்குப் போவார்கள், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வார நாளில் காலையில் வைத்தால் வயதானவர்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும்தான் வருவார்கள். கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற ஆண்கள் சனி இரவு ஊருக்கு வருவார்கள். நமக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான், ஏனென்றால் அவர்களில் பலர் வாழ்க்கையில் ஒரு தடவை கூட அளந்து பார்த்ததில்லை. அதனால் ஞாயிறு காலை. ஆனால் பால் அதிகமாக இறங்கும் காலத்தில் ஞாயிறும் வேலை கொடுப்பார்கள், கங்காணியிடம் கேட்காமல் திகதி குறிக்க வேண்டாம்.

தலைப்பில் என்ன சொல் போடுவது

பாடப்புத்தகத்தில் "குருதி அமுக்கம்", பத்திரிகையில் "இரத்த அழுத்தம்", வாயில் "பிரஷர்". கிளினிக் கொப்பி வைத்திருக்கிற பாட்டியும் "எனக்குப் பிரஷர் இருக்கு" என்றுதான் சொல்கிறார். தலைப்பில் "பிரஷர்" என்றே போடுங்கள். தமிழைக் கைவிட்டதாக யாராவது குறை சொன்னால், கீழே சின்ன எழுத்தில் "இரத்த அழுத்தம்" என்று சேர்த்துக்கொள்ளலாம். தலைப்பில் "இரத்தம்" வந்தால் பாதிப் பேர் ஊசியை நினைக்கிறார்கள், சிலர் இரத்ததானம் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். இரத்தத் துளிப் படத்தையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

"மருத்துவ முகாம்" என்பதையும் நான் விட்டுவிட்டேன். அதைப் பார்த்தவுடன் மருந்து தருவார்கள், கண் பார்ப்பார்கள், டாக்டர் வருவார் என்று ஆட்கள் எதிர்பார்க்கிறார்கள். பிரஷர் மட்டும்தான் என்று வாசலில் கேள்விப்பட்டதும் மனக்குறையோடு திரும்புகிறார்கள், அடுத்த தடவை வருவதில்லை. அதோடு, இடம்பெயர்ந்து முகாமில் இருந்து வந்த குடும்பங்களுக்கு "முகாம்" என்ற சொல் வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும். "பிரஷர் பார்க்கும் நாள்" என்று போட்டால் என்ன நடக்கும் என்பது அதிலேயே இருக்கிறது.

ஊர்ச் சொல்லையும் கவனிக்க வேண்டும். எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர் "தலையிடி, நெஞ்சு நோவு" என்று எழுதுவார். தோட்டப் பக்கம் அது "தலைவலி, நெஞ்சுவலி". எது சரி என்று நாங்கள் வாதம் பண்ணுவதில்லை. வாசிக்கப் போகிறவரின் சொல்லையே போடுகிறோம்.

முழுப் போஸ்டர்

பல தடவை மாற்றி எழுதி, இப்போது நாங்கள் பயன்படுத்துவது இது. ஏ3 தாளுக்கு எழுதியது.

> பிரஷர் பார்க்கும் நாள்
> ஞாயிறு, 14ஆம் திகதி, காலை 8 முதல் பகல் 12 வரை
> தோட்டப் பாடசாலை மண்டபம்
> மழை பெய்தாலும் நடக்கும்
>
> 35 வயதைத் தாண்டிய எல்லாரும் வாருங்கள்.
> இதுவரை ஒரு தடவை கூடப் பார்க்காதவர்களும், உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்களும் கட்டாயம் வாருங்கள்.
>
> இரத்தம் எடுக்க மாட்டோம். ஊசி இல்லை. காசு இல்லை.
>
> சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.
> தினமும் போடுகிற மாத்திரையை அன்றும் போட்டுவிட்டு வாருங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.
> பார்ப்பதற்கு முந்திய அரை மணி நேரம் தேநீர், கோப்பி, பீடி, சிகரெட், வெற்றிலை புகையிலை வேண்டாம்.
> தோள் வரை ஏற்றக்கூடிய தளர்ந்த சட்டை போட்டு வாருங்கள்.
>
> அளவை உங்களிடம் மட்டுமே சொல்லுவோம்.
>
> நெஞ்சுவலி, வாய் கோணல், கை கால் ஒரு பக்கம் விழுதல் இருந்தால் இந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. எல்லாவற்றையும் விளக்கப் போவதில்லை. அடிக்கடி கேள்வி வருகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

"உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்களும்" என்ற வரிதான் இந்தப் போஸ்டரின் உயிர். பிரஷர் கூடியிருக்கிற பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. "தலைசுற்றல், தலைவலி, படபடப்பு இருக்கிறதா? வாருங்கள்" என்று எழுதினால், அதெல்லாம் இல்லாத 45 வயது ஆண் போஸ்டரை வாசித்துவிட்டு, தனக்கில்லை என்று போய்விடுவார். அவரைத்தான் நாம் தேடுகிறோம். ஏற்கெனவே கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் எப்படியும் வருவார்கள். "அமைதியான கொலையாளி" என்று கறுப்புப் பின்னணியில் போடுகிறவர்கள் உண்டு. பயந்தவர் வராமல் இருந்துவிடுகிறார், வந்தாலும் நெஞ்சு அடிக்க உட்காருகிறார், அதுவே அளவைக் கூட்டிவிடும்.

மாத்திரை வரியை "அன்றும்" என்று அழுத்திப் போட்டதற்கு அந்த அம்மாதான் காரணம். சாப்பாட்டு வரியும் அப்படியே. பிரஷர் பார்க்க வெறும் வயிறு தேவையில்லை. சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டினியாக வந்து வரிசையில் நின்றால் சீனி இறங்கி மயங்கிவிழலாம். அதே நாளில் சீனியும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்த வரியை அப்படியே எடுக்காதீர்கள், வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று தாதியிடம் கேட்டு எழுதுங்கள்.

"அளவை உங்களிடம் மட்டுமே" என்பது பின்னால் சேர்த்தது. எண் தோட்டத் துரைக்குப் போகுமா, வேலை போய்விடுமா என்று ஓர் அண்ணன் வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே வராமலே போன மற்றவர்களும் அதையே யோசித்திருக்கலாம். இந்த வரியைப் போட்டால் மேசையிலும் அதைக் காப்பாற்ற வேண்டும். எண்ணைச் சத்தமாக வாசித்து இன்னொருவர் எழுதுகிற பழக்கத்தை நிறுத்திவிட்டோம்.

120/80, 140/90 என்ற எண்கள் எதுவும் போஸ்டரில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எண்ணைப் போட்டால் ஆட்கள் பழைய ஞாபகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, எனக்குச் சரிதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். எண்ணுக்கு இடம் கையில் கொடுக்கிற அட்டை. அதை எழுதும்போது ஒரே நாள் அளவை வைத்து "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்று எழுதக்கூடாது. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் "கூடுதலாக இருக்கிறது, கிளினிக்கில் மறுபடி பார்க்க வேண்டும்" என்பதுதான் சரியான வாசகம், அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட வேண்டும். 180/120 என்ற அளவை எட்டினால் அமைதியாக இருக்கவிட்டு மறுபடி அளப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்கவே கூடாது, 1990 அம்புலன்ஸ்தான்.

மழை வரியைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மே 17 உலக உயர் இரத்த அழுத்த தினம் என்பதால் இந்த நாட்கள் பலவும் மே மாதத்தில்தான் நடக்கின்றன. அவிசாவளைப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை அடித்து ஊற்றத் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான்.

படம்

எழுத்தை வாசிக்காதவர் படத்தைப் பார்ப்பார். அதனால் படமும் பாடம் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் கிடைக்கிற படங்களில் பெரும்பாலும் பிழை இருக்கும்: சட்டைக்கு மேலேயே பட்டி சுற்றியிருப்பார்கள், கை அந்தரத்தில் தொங்கும், கால் மேல் கால் போட்டு டாக்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டக்கூடியவை. அதைப் பார்த்தவர் அப்படியே வந்து உட்காருவார்.

கிராமத்தில் யாராவது ஒருவரின் சம்மதத்தோடு நீங்களே எடுத்துவிடுங்கள். முதுகு கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில் இருக்க வேண்டும், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பட்டி வெறும் தோலில் முழங்கைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். போன் கமராவே போதும். கையை மட்டும் வெட்டி எடுக்காமல் முழு ஆளும் தெரிகிற மாதிரிப் போடுங்கள்.

அச்சகத்தில்

தாளில் ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்தில் நின்று வசதியாக வாசிக்கலாம். தலைப்பு, நாள், இடம் மூன்றும் அந்த அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். மற்றவை கிட்ட வந்து வாசிப்பவருக்கு. தமிழில் "ஞாயிறு" மாதிரிச் சொற்களில் மேலும் கீழும் எழுத்து நீளும், வரிகளை நெருக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. நீங்கள் போனில் தட்டி அனுப்புவது யுனிகோட். மாற்றும்போது புள்ளி விழும், அல்லது பழைய மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு பிரதி அடித்துக் கையில் வாங்கி, எழுத்து எழுத்தாக வாசியுங்கள். திகதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று கலண்டரில் பாருங்கள்.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஊர்க்காரர் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டி, விளங்கினதா என்று கேட்காதீர்கள். எல்லாரும் விளங்கினது என்றுதான் சொல்வார்கள். "ஞாயிறு காலையில என்ன சாப்பிட்டுட்டு வருவீங்க? மாத்திரை போடுவீங்களா? என்ன செய்வாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பதில் பிழையாக வந்தால் வரியைத்தான் திருத்த வேண்டும்.

சிங்களக் குடும்பங்களும் இருக்கிற ஊர் என்றால் தனிச் சிங்களப் போஸ்டர் அடியுங்கள், சிங்களத்திலேயே யோசிக்கிற ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒரே தாளில் இரண்டையும் அடைத்தால் இரண்டுமே சிறுத்துப் போகும்.

ஒட்டும் இடம்: பால் நிறுக்கும் இடம், கடை வாசல், குழாயடி, பஸ் நிற்கும் இடம், பிள்ளை மடுவம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டுங்கள்.

ஒலிபெருக்கி அறிவித்தல்

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வாங்க வேண்டும், கடைசி நாளில் ஓடாதீர்கள்.

போஸ்டரை அப்படியே ஒலிபெருக்கியில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேலைக்கு ஆகாது. ஓடுகிற ஆட்டோவில் இருந்து வருகிற சத்தம் ஒரு வீட்டுக்குத் தெளிவாகக் கேட்பது சுமார் இருபது செக்கன்தான். அதற்குள் முப்பது சொல்லுக்கு மேல் போகாது. முதல் இரண்டு சொல் எப்படியும் காதில் விழாது, அதனால் அங்கே முக்கியமானதை வைக்கக்கூடாது. ஓடும்போது இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்:

> அன்பான அம்மா, ஐயா, அண்ணாமாரே! நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணியில் இருந்து, தோட்டப் பாடசாலையில் பிரஷர் பார்க்கிறோம். ஊசி இல்லை, இரத்தம் எடுக்க மாட்டோம். சாப்பிட்டு, மாத்திரை போட்டு வாருங்கள். நாளைக்கு எட்டு மணி, தோட்டப் பாடசாலை!

லயத்தின் முனையில் ஆட்டோவை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு நீண்ட அறிவித்தலைச் சொல்லலாம்:

> மேல் லயத்து மக்களே, உங்களுக்கு நாளை காலை எட்டு மணியில் இருந்து ஒன்பதே கால் வரை. 35 வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் வாருங்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிற அண்ணாமார்தான் முக்கியமாக வர வேண்டும், பிரஷர் கூடினாலும் உடம்புக்குத் தெரியாது. வழக்கமாகப் போடுகிற மாத்திரையை நிறுத்த வேண்டாம், போட்டுவிட்டே வாருங்கள். தேத்தண்ணி குடித்தால் அரை மணி நேரம் கழித்து வாருங்கள். வந்ததும் ஐந்து நிமிடம் உட்கார வைப்போம், அதுவும் சேர்த்துப் பத்து, பதினைந்து நிமிட வேலைதான். உங்கள் அளவு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சனி மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு சுற்று, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று. காலையில் "நாளைக்கு" என்பதை "இன்றைக்கு" என்று மாற்றிச் சொல்லுங்கள். காலைச் சுற்றில் தேத்தண்ணி வரி மிக அவசியம், ஏனென்றால் அப்போதுதான் எல்லா வீட்டிலும் கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும். பேசுகிறவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். கோயிலில் ஒலிபெருக்கி இருந்தால் வெள்ளி பூசைக்குப் பிறகு சுருக்கமாகச் சொல்லச் சொல்லலாம். வட்சப்பில் போஸ்டர் படத்தோடு அதே ஊர்க்காரரின் குரல் பதிவை அனுப்புங்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு அதுதான் போய்ச் சேரும், அவர்களும் வீட்டுக்கு அழைத்துச் சொல்வார்கள்.

ஞாயிறு மாலை

பழைய போஸ்டர்களைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை ஒட்ட வேண்டும். அச்சுக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், பிறகு யாருக்கும் நேரம் இருக்காது. கிளினிக் கிழமையை முன்பே கேட்டு வைத்தது இதற்காகத்தான்.

> ஞாயிறு பிரஷர் பார்த்தவர்களுக்கு
> உங்கள் அட்டையில் சிவப்பு வட்டம் போட்டிருந்தால் இரண்டு வாரத்துக்குள் கிளினிக்கில் மறுபடி பாருங்கள்.
> இடம்: ________ கிழமை: ________ நேரம்: ________
> அட்டையைக் கொண்டு போங்கள். மாத்திரை போடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.